தலையிடிக்கு நான் சொன்ன செவ்வாய் புத்தி: குறிப்புப் பார்ப்பவர் எங்கே நிறுத்த வேண்டும்?

கோண்டாவில் பேத்தி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நான் முழுநேரச் சாத்திரி இல்லை. அப்பப்பா ஐம்பது வருசம் குறிப்புப் பார்த்தவர். அவரிடம் பழகியதை வைத்துச் சொந்தக்காரருக்கும் வெளிநாட்டில் இருக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் வாட்ஸ்அப்பில் பார்த்துச் சொல்கிறேன். போன மாதம் நடந்த ஒன்றை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை.

சாவகச்சேரிப் பக்கத்துப் பிள்ளை ஒருவர், வயது 29, முதல் பிரசவம். பிள்ளை தலைகீழாகத் திரும்பாமல் இருந்ததால் சிசேரியன் செய்ய வேண்டியிருக்கும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். 39ஆவது கிழமையில் செவ்வாய் அல்லது வியாழன் என்று இரண்டு நாள் கொடுத்திருந்தார்கள். எந்த நாள் நல்லது என்று கேட்டுத்தான் முதலில் வந்தார். அதுவரை எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. இரண்டு நாளும் டாக்டர் கொடுத்தது, அதில் ஒன்றை நான் சொல்லப்போகிறேன், அவ்வளவுதான்.

35ஆவது கிழமையில், ஒரு இரவு 9.40க்கு அவரிடமிருந்து செய்தி வந்தது. “அக்கா, ரெண்டு நாளா ஒரே தலையிடி. பனடோல் போட்டும் போகேல்ல. கண்ணுக்கு முன்னால மின்மினி பறக்கிற மாதிரி இருக்கு. இது செவ்வாய் புத்தியாலயோ?”

நான் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ரோகிணி நட்சத்திரம். ராகு தசையில் கடைசிப் புத்தியான செவ்வாய் ஓடிக்கொண்டிருந்தது. செவ்வாய் ஆறாம் இடத்தில். எல்லாம் அச்சொட்டாகப் பொருந்தியது. பொருந்தியதில் எனக்கு ஒரு சந்தோசம்கூட வந்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை. உடனே எழுதினேன்: “ஓம் தங்கச்சி, தசா சந்தி. வெள்ளிக்கிழமையோட செவ்வாய் புத்தி முடிஞ்சு குரு தசை தொடங்குது. எல்லாம் குறைஞ்சிடும். முருகனுக்கு ஒரு விளக்கு ஏத்துங்கோ.” அன்று புதன்கிழமை.

அடுத்த நாள் காலை பத்தரைக்குப் பகுதி மிட்வைஃப் வீட்டுக்குப் போயிருக்கிறார். பிரஷர் 170/110. கிளினிக் கார்டைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்று 1990க்கு அடித்து அம்புலன்ஸ் எடுத்தார். அன்று இரவே சிசேரியன் செய்துவிட்டார்கள். தாய் பிழைத்தார். பிள்ளை குறைமாதம் என்பதால் குழந்தைகள் பிரிவில் இருக்கிறது, இப்போது பரவாயில்லை.

என்னுடைய செய்திக்கும் மிட்வைஃப் வீட்டுக்குப் போனதற்கும் இடையில் 13 மணித்தியாலம். அந்த நேரம் முழுக்க அவர் “வெள்ளி வரை பொறுப்பம்” என்று படுத்திருந்திருக்கிறார். தாயார் ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று கேட்டதற்கு என்னுடைய செய்தியைத்தான் காட்டியிருக்கிறார்.

இதில் எனக்குத் தாங்க முடியாதது வேறொன்று. அந்த வீட்டில் ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. “நீங்கள் சொன்ன மாதிரியே வெள்ளிக்கு முன்னம் எல்லாம் மாறிவிட்டது” என்று குழந்தையின் அப்பம்மா ஐயாயிரம் ரூபாய் அனுப்பியிருக்கிறார். அந்தக் காசு இன்னும் அந்தக் கவருக்குள்ளேயே இருக்கிறது.

என்னுடைய கேள்வி இதுதான். நோய், பிள்ளைப்பேறு, வழக்கு, காசு போடுவது, இவை வரும்போது எந்த இடத்தில் வாயை மூட வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கொக்குவில் குமார்

அக்கா, நல்லவேளை தாயும் பிள்ளையும் தப்பினார்கள். இதற்கு விடை லேசானது. உடம்பு, கர்ப்பம், கோர்ட், முதலீடு, இந்த நாலையும் தொடவே கூடாது. நான் எண்கணிதம் பார்க்கிறவன். முதலிலேயே “இது வழிகாட்டலுக்கு மட்டும், மருத்துவ ஆலோசனை அல்ல” என்று ஒரு வரி அனுப்பிவிடுவேன். அதன் பிறகு அவர்கள் என்ன செய்தாலும் நம்முடைய பொறுப்பு இல்லை. நீங்களும் அப்படி ஒரு வரி போட்டிருந்தால் இந்த மனவேதனை வந்திருக்காது.

---

கோண்டாவில் பேத்தி

தம்பி, அந்த வரி என்னுடைய வாட்ஸ்அப்பிலும் இருந்தது. முதல் செய்தியிலேயே போயிருந்தது. அதற்குக் கீழேதான் “வெள்ளியோட முடியுது” என்று எழுதினேன். அந்தப் பிள்ளை எதை நம்பினார் என்று நினைக்கிறீர்கள்?

---

சுன்னாகத்துச் சாத்திரியார்

பிள்ளை, நான் இந்தத் தொழிலில் நாற்பது வருசத்துக்கு மேல். நீ எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். உன்னைத் திட்டுவதற்கு எனக்குத் தகுதி இல்லை. காரணம் பிறகு சொல்கிறேன்.

முதலில் குமார் தம்பிக்கு. தொடாமல் இருப்பது என்பது நடக்காத காரியம். ஆறாம் இடம் என்றால் என்ன? நோய், கடன், எதிரி, வழக்கு. நீ சொன்ன நாலில் மூன்று அந்த ஒரு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஐந்தாம் இடம் புத்திரஸ்தானம். ஒருவர் குறிப்பைக் கொண்டுவந்து விரித்தால் அந்த வீடுகளைக் கையால் மறைத்துக்கொண்டா பார்ப்பது? அதோடு நம்மிடம் வருகிறவர்கள் சும்மா இருக்கும்போது வருவதில்லை. வயிற்றில் நெருப்போடுதான் வருகிறார்கள். “அதைப் பற்றிக் கதைக்கமாட்டேன்” என்று அனுப்பினால் அடுத்த தெருவில் இருப்பவரிடம் போவார்கள். அவர் பரிகாரம் சொல்லி அனுப்புவார்.

இப்போது பேத்திக்கு. நீ சொன்ன “வெள்ளிக்கிழமை” எங்கே இருந்து வந்தது என்று யோசித்தாயா? ரோகிணி சந்திரனுடைய நட்சத்திரம், சந்திர தசை பத்து வருசம். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கிறான். அந்த ஒரு நாளைத்தான் நாங்கள் பத்து வருசமாக விரிக்கிறோம். அப்படியென்றால் பிறந்த நேரத்தில் நாலு நிமிசம் பிழைத்தால் தசை முடிவு பத்து நாள் தள்ளும். அந்தப் பிள்ளை பிறந்த நேரத்தை யார் எழுதினது? ஆஸ்பத்திரி மணிக்கூடு சரியாக ஓடினதா, பிள்ளை அழுத நேரமா, கொடி வெட்டின நேரமா? அதற்கு மேல் வாக்கியப் பஞ்சாங்கத்தில் கணித்தால் ஒன்று, திருக்கணிதப் பஞ்சாங்கத்தில் கணித்தால் இன்னொன்று, மாதக்கணக்கில்கூட வித்தியாசம் வரும். கணினி உனக்கு நாளும் நாழிகையும் காட்டும். அது கணக்கின் நேர்த்தி, கையில் உள்ள தகவல் அவ்வளவு நேர்த்தி இல்லை. நம்முடைய சாத்திரத்தின்படியே பார்த்தாலும் “வெள்ளிக்கிழமை” என்று சொல்ல உனக்கு உரிமை இல்லை.

---

ரொறன்ரோ ஈசன்

ஐயா, பயனுள்ள பதிவு. என் மனைவிக்கும் அடுத்த மாதம் சிசேரியன். எந்த நட்சத்திரத்தில் எடுத்தால் நல்லது? கேட்டை, மூலம், ஆயில்யம் வரக்கூடாது. லக்னமும் பார்த்துச் சொன்னால் நல்லது. இங்கத்தைய நேரத்துக்குக் கணிக்க வேண்டும்.

---

ஓய்வுபெற்ற மிட்வைஃப்

நான் 31 வருசம் தென்மராட்சியிலும் வலிகாமத்திலும் வீடு வீடாகத் திரிந்தவள். ஈசன் தம்பி, உங்களுக்குப் பிறகு வருகிறேன்.

பேத்திக்கு முதலில். பிள்ளை, 20 கிழமைக்குப் பிறகு கர்ப்பிணிக்குத் தலையிடி போகாமல் இருந்து, கண்ணுக்கு முன்னால் வெளிச்சம் பறந்தால் அது பிரஷர் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம். முகமும் கையும் திடீரென்று வீங்குவது, நெஞ்சுக் குழிக்குக் கீழே அல்லது வலது விலாவுக்குக் கீழே நோவது, இவையும் அப்படித்தான். பிரஷர் 140/90க்கு மேல் போனாலே பார்க்க வேண்டும். 160/110க்கு மேல் என்றால் மணித்தியாலக் கணக்கு. அதைக் கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும், மூளையில் இரத்தம் கசியலாம், தாயும் பிள்ளையும் இரண்டு பேரும் போகலாம். 170/110 என்ற பிள்ளை 13 மணித்தியாலம் படுத்திருந்தது என்று வாசித்ததும் எனக்குக் கை குளிர்ந்துவிட்டது.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளை இரவு பத்து மணிக்கு எனக்கு அடிக்கவில்லை, டாக்டருக்கு அடிக்கவில்லை, உனக்குத்தான் எழுதியது. ஏன்? நீ பயப்படுத்தமாட்டாய் என்று. இப்படி எத்தனையோ வீடுகளில் முதலில் விசயம் தெரிய வருவது சாத்திரியாருக்குத்தான். அதனால்தான் குமார் தம்பி சொல்கிற “தொடவே கூடாது” எனக்குச் சரியாகப் படவில்லை. நீங்கள் காதைப் பொத்தினால் அந்தச் செய்தி எங்கேயும் போகாமல் நின்றுவிடும். நீங்கள் நோய்க்குப் பெயர் சொல்லத் தேவையில்லை. “இதைக் குறிப்பில் பார்க்க முடியாது, இப்போதே போ, போய்விட்டு எனக்குச் சொல்லு” என்று ஒரு சாத்திரியார் சொன்னால் அதற்கு நான் சொல்வதைவிட எடை அதிகம். எங்களைத் திட்டுகிற மாமிமார்கூட உங்கள் சொல்லைத் தட்டமாட்டார்கள்.

பிள்ளையின் அசைவு குறைந்தால், இரத்தம் பட்டால், நீர்க்குடம் உடைந்தால் இதே கதைதான். ராகு காலம் ஒன்றரை மணித்தியாலம். அது கழியட்டும் என்று வாசலில் நின்ற குடும்பங்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

---

கொக்குவில் குமார்

அம்மா சொல்வது விளங்குகிறது. ஆனால் ஈசன் அண்ணை கேட்பதில் என்ன பிழை? எப்படியும் வெட்டத்தான் போகிறார்கள். நாலு நாள் முன்னுக்கோ பின்னுக்கோ. அதனால் ஒருவருக்கும் நட்டமில்லையே.

---

ஓய்வுபெற்ற மிட்வைஃப்

நாலு நாள் என்றுதான் தொடங்கும் தம்பி. அவசரக் காரணம் ஒன்றும் இல்லையென்றால் சிசேரியனை 39 கிழமைக்குத் தள்ளுவதற்குக் காரணம் பிள்ளையின் சுவாசப்பை. 37இல், 38இல் எடுத்த பிள்ளைகளில் மூச்சு வாங்குகிற பிள்ளைகள் கூட. பிறந்தவுடன் தாயின் மடியில் கிடக்க வேண்டியது ஒக்சிசன் பெட்டிக்குள் கிடக்கும். “நல்ல நட்சத்திரம் 37இல்தான் வருகிறது, டாக்டரிடம் கேட்டு எடுப்பியுங்கோ” என்று சாத்திரியார் எழுதிக் கொடுத்த துண்டோடு வந்தவர்கள் இருக்கிறார்கள். முன்னுக்கு இழுப்பதில் இந்த ஆபத்து, பின்னுக்குத் தள்ளுவதில் வேறு ஆபத்து. பேத்தி முதலில் செய்த மாதிரி டாக்டர் இரண்டு நாளைக் கொடுத்து, அதில் ஒன்றை எடுப்பதென்றால் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.

---

சுன்னாகத்துச் சாத்திரியார்

அதோடு லக்னம் கேட்கிறீர்கள் ஈசன். லக்னம் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மாறும். நவாம்சம் 13 நிமிசத்தில் மாறும். ஆஸ்பத்திரியில் உங்களுக்கு முன்னால் ஒரு அவசரக் கேஸ் வந்தால் அரை நாள் தள்ளும். அந்த அவசரக் கேஸ் யாரோ ஒருவருடைய மனைவி. நாளைக்கு அது உங்களுடைய மனைவியாகவும் இருக்கலாம். டாக்டர் கொடுத்த நாட்களை அனுப்புங்கள், அதற்குள் பார்க்கிறேன். மணி சொல்லமாட்டேன்.

---

ரொறன்ரோ ஈசன்

நான் தேதிதான் கேட்டேன், இவ்வளவு புத்திமதி தேவையில்லை என்று முதலில் நினைத்தேன். மனைவியிடம் இதை வாசிக்கக் கொடுத்தேன். அவருக்கும் மூன்று நாளாகக் கால் வீக்கமாம், என்னிடம் சொல்லவில்லை. நாளைக்குக் காட்டப் போகிறோம்.

---

ஓய்வுபெற்ற மிட்வைஃப்

கால் வீக்கம் மட்டும் என்றால் கடைசி மாதங்களில் பலருக்கும் வருவதுதான், பயப்பட வேண்டாம். ஆனால் தலையிடி அல்லது முக வீக்கமும் சேர்ந்திருந்தால் நாளை வரை இருக்க வேண்டாம், இன்றைக்கே போங்கள்.

---

அப்புக்காத்து மகள்

இழை பிள்ளைப்பேறு பக்கம் போய்விட்டது. வழக்கையும் கேட்டிருந்தீர்கள், அதனால் எங்கள் வீட்டுக் கதையை எழுதுகிறேன். அப்பா அப்புக்காத்து இல்லை, அப்படி ஆக ஆசைப்பட்டவர். அதுதான் இந்தப் பெயர்.

காணி வழக்கு ஒன்றில் அப்பாவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. மேன்முறையீடு செய்யலாம் என்று வழக்கறிஞர் சொன்னார். அப்பா நேரே அவருக்குப் பழக்கமான சாத்திரியாரிடம் போனார். “இப்ப ஆறாம் அதிபதி பலமாக இருக்கிறார், கையெழுத்து வைக்காதேங்கோ, இரண்டு மாதம் கழியட்டும், பிறகு போட்டால் வெற்றி” என்று சொல்லியிருக்கிறார். அப்பா இரண்டு மாதம் கழித்துச் சந்தோசமாக வழக்கறிஞரிடம் போனார்.

மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புக்கு மேன்முறையீட்டு அறிவித்தலை 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் அரச விடுமுறையும் கணக்கில் வராது, என்றாலும் 14தான். மனுவை 60 நாளுக்குள் போட வேண்டும். அறிவித்தல் போகாததால் அப்பாவுக்கு அந்தக் கதவே மூடிவிட்டது. மேன்முறையீட்டில் தோற்றிருந்தால் அது வேறு. அவர் அந்தப் படியில் காலே வைக்கவில்லை. சாகும் வரைக்கும் “கிரகம் சரியில்லை” என்றுதான் சொன்னார், 14 நாள் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தச் சாத்திரியார் கெட்டவர் இல்லை. காசுகூட வாங்கவில்லை. வழக்குக்கும் நாள் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

---

சுன்னாகத்துச் சாத்திரியார்

தங்கச்சி, நான் சொல்ல வந்ததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். என் தகுதி பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா. இருபது வருசத்துக்கு முன் ஒருவர் வந்தார். வெற்றிலை ஓயாமல் போடுகிறவர். நாக்கோரத்தில் புண், மூன்று மாதமாக ஆறவில்லை என்றார். காட்டினார்கூட. நான் குறிப்பைப் பார்த்து, சனி மாறினால் ஆறிவிடும் என்றேன். ஆறு மாதம் இருந்தது சனி மாற. அவர் இருந்தார். பிறகு புற்றுநோய்ப் பிரிவுக்குப் போகும்போது கழுத்தில் கட்டி வந்துவிட்டது.

வாயில் ஒரு புண் இரண்டு மூன்று கிழமைக்கு மேல் ஆறாமல் இருந்தால் காட்ட வேண்டும் என்பது இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்பதால் நான் “பொறு” என்று சொல்லியிருக்கக்கூடாது. இந்தச் சனி மாற்றத்தையே பாருங்கள். மீனத்துக்கு மாறியது திருக்கணிதத்தில் 2025 மார்ச் 29, வாக்கியத்தில் 2026 மார்ச் 6. கொழும்பில் ஒரு பஞ்சாங்கம், இங்கே ஒரு பஞ்சாங்கம் என்று பார்க்கிற ஒரு குடும்பத்துக்கு “சனி மாறட்டும்” என்றால் எந்தச் சனி? நடுவில் ஏறக்குறைய ஒரு வருசம். புண் அந்த வருசத்துக்காகக் காத்திருக்குமா?

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். குறிப்பைத் திறக்க முன்னம் கேட்பேன்: “இதற்கு வேறு ஒருவர் நாள் வைத்திருக்கிறாரா?” டாக்டர் கிளினிக் நாள், நீதிமன்றத் தவணை, வங்கிக் கடன் கட்டும் நாள், எதுவாக இருந்தாலும் சரி. அதைக் கொப்பியின் மேல்பக்கத்தில் எழுதுவேன். அந்த நாளுக்குப் பின்னால் போகிற எதையும் சொல்லமாட்டேன். வழக்கென்றால் “வழக்கறிஞர் என்ன கடைசி நாள் சொன்னார்” என்று கேட்பேன். தெரியாது என்றால் அங்கேயே போன் எடுத்துக் கேட்கச் சொல்வேன். வழக்கறிஞருக்குக் காசில்லை என்றால் யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது, அங்கே அனுப்புவேன்.

உடம்பில் ஒரு குறி என்று வாயில் வந்தால் குறிப்பை மூடிவிடுவேன். உண்மையாகவே மூடிக் கையை மேலே வைத்துவிடுவேன். அவர்கள் அதைப் பார்க்க வேண்டும்.

---

மானிப்பாய் ரவி

ஐயாவின் பழக்கம் நல்லது. ஆனால் காசு விசயத்தில் ஒருவரும் நாள் வைக்கமாட்டார்கள். அங்கே அவசரப்படுத்துவார்கள். எனக்கு நடந்தது அது.

2022இல் எல்லாம் தலைகீழான நேரம். ஒரு ஆப், டொலரில் போட்டால் மாதாமாதம் லாபம், இரண்டு பேரைச் சேர்த்தால் இன்னும் கூட. நான் நம்பாமல்தான் இருந்தேன். எங்களுக்குக் கைரேகையும் குறிப்பும் பார்க்கிற ஒருவர் இருக்கிறார். அவரிடம் வேறு எதற்கோ போனபோது, “பதினோராம் இடத்தை குரு பார்க்கிறார், இந்த வருசம் விட்டால் பன்னிரண்டு வருசம், போடுங்கோ” என்றார். மனைவியின் தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையெல்லாம் வங்கியில் அடகு வைத்துப் போட்டேன். ஏழு மாதத்தில் ஆப் திறக்கவில்லை.

அவரும் அதில் போட்டிருந்தார். என்னைச் சேர்த்ததற்கு அவருக்குப் புள்ளி கிடைத்திருக்கிறது. பிறகுதான் தெரிந்தது. அவரும் ஏமாந்தவர்தான், அதனால் கோபப்படவும் முடியவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர் எனக்குக் கைரேகை பார்த்தாரா, ஆள் பிடித்தாரா?

---

அப்புக்காத்து மகள்

ரவி அண்ணை, ஆட்களைச் சேர்த்தால் காசு என்கிற திட்டங்களை வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு தடைசெய்கிறது. நடத்துவது மட்டும் குற்றமில்லை, மற்றவர்களை ஊக்குவிப்பதும் குற்றம். குரு பார்வை என்று சொல்லிச் சேர்த்தாலும் சேர்த்ததுதான். மத்திய வங்கி இப்படியான திட்டங்களின் பெயர்களை வெளியிடுகிறது. போட முன்னம் அதைப் பார்க்கலாம். ஆனால் பட்டியலில் பெயர் இல்லை என்பதால் நல்லது என்று அர்த்தமில்லை.

---

கொக்குவில் குமார்

சரி, இதில் நான் கொஞ்சம் மாறுகிறேன். அந்த ஒரு வரி போதாது என்று விளங்குகிறது. ஆனால் ஒரு கேள்வி. ஒருவர் “காணி வாங்கலாமா”, “கடை போடலாமா” என்று கேட்டால் அதுவும் காசு விசயம்தான். அதையும் சொல்லக்கூடாது என்றால் நாம் என்னதான் சொல்வது?

---

சுன்னாகத்துச் சாத்திரியார்

கடை போடுகிறவருக்குக் கடை திறக்க நல்ல நாள் சொல்லலாம். கடை போடலாமா என்பதற்கு என்னிடம் விடை இல்லை. “என்ன விற்கப்போகிறீர்கள், வாடகை எவ்வளவு, கடன் வாங்குகிறீர்களா, நட்டம் வந்தால் சாப்பாட்டுக்கு வழி என்ன” என்று கேட்பேன். அதைக் குறிப்பில்லாமலும் கேட்கலாம்தான். என்னுடைய வருமானம் ஏதாவது அந்தப் பதிலில் ஒட்டியிருந்தால் வாயைத் திறக்கமாட்டேன். கல் மோதிரம் விற்கிறவர் பரிகாரத்துக்குக் கல் சொல்லக்கூடாது என்பது என் குருநாதர் வைத்த விதி.

எல்லோரும் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள். எங்கள் ஆட்களில் பலர் “லாபஸ்தானம் பார்த்துச் சொல்வதுதான் தொழில்” என்பார்கள். அவர்களோடு நான் பல தரம் சண்டை பிடித்திருக்கிறேன், ஒருவரும் மாறவில்லை.

---

கோண்டாவில் பேத்தி

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்ன “வேறு ஒருவர் நாள் வைத்திருக்கிறாரா” என்பதை இன்றைக்கே எடுத்துக்கொண்டேன். அந்தப் பிள்ளைக்குப் போன் பண்ணி உண்மையைச் சொன்னேன். நான் சொன்னது பிழை, அந்த இரவு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எனக்கும் உள்ளுக்குள்ள பயமாத்தான் இருந்தது அக்கா, நீங்க சொன்னதும் நித்திரை கொண்டிட்டன்” என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

காசைத் திருப்பி அனுப்பப் பார்த்தேன். அப்பம்மா வாங்கமாட்டேன் என்கிறார். அதோடு புதிதாக ஒன்று வந்திருக்கிறது. பிள்ளை பிறந்தது ஆயில்யம். வீட்டுக்கு ஆகாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பிள்ளைக்கு ஆயுள் எப்படி, பரிகாரம் என்ன, இதை எழுதித் தா என்கிறார். பிள்ளை இன்னும் குழந்தைகள் பிரிவில். என்ன சொல்வது?

---

சுன்னாகத்துச் சாத்திரியார்

பன்னிரண்டு வயது வரைக்கும் ஆயுள் கணிக்கக்கூடாது என்று நம்முடைய பழைய ஆட்கள் சொல்லி வைத்தது இதற்குத்தான். அதைச் சொல். சாத்திரத்திலேயே இருப்பதால் அப்பம்மா கேட்பார். ஆயில்ய தோசம் பற்றி நான் பாதம் பார்த்து ஒரு சின்னச் சாந்தி சொல்லுவேன், மனசு ஆறும்.

---

ஓய்வுபெற்ற மிட்வைஃப்

இதில் நான் ஐயாவோடு ஒத்துப்போகமாட்டேன். சாந்தி சொன்னால் தோசம் இருந்தது என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அந்தத் தாய் பால் கொடுக்க வேண்டிய நேரத்தில் மாமியார் பிள்ளையை எந்தக் கண்ணால் பார்ப்பார்? நட்சத்திரத்துக்காகத் தாயையும் பிள்ளையையும் ஒதுக்கி வைத்த வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். குறைமாதப் பிள்ளைக்குத் தாய்ப்பால்தான் முதல் மருந்து. தாயின் மனசு உடைந்தால் பால் இறங்கவும் கஷ்டம்.

---

சுன்னாகத்துச் சாத்திரியார்

ஒன்றும் சொல்லாவிட்டால் இன்னொருவர் பெரிய யாகமே சொல்லுவார் அம்மா. இதில் எனக்கும் உங்களுக்கும் ஒத்துவராது. பேத்தி தன் மனசுப்படி செய்யட்டும்.

---

கோண்டாவில் பேத்தி

இரண்டு பேர் சொன்னதையும் வைத்து ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அப்பம்மாவுக்கு நேற்று இப்படிக் குரல் பதிவு அனுப்பினேன்:

“அப்பம்மா, சின்னப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயசு மட்டும் ஆயுள் பாக்கக்கூடாது, அப்பப்பா எனக்கு அப்பிடித்தான் சொல்லித் தந்தவர். நட்சத்திரம் பேர் வைக்கத்தான். ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. முப்பத்தொண்டுக்கு முன்னம் ஒரு பேர் யோசிச்சு வையுங்கோ. பிள்ளைக்கு எத்தினை கிலோ எண்டு நேர்ஸ் சொல்லுறாவோ அதை மட்டும் எனக்கு ஒவ்வொரு நாளும் சொல்லுங்கோ. நீங்க அனுப்பின காசை மருமகளின்ர பத்தியச் சாப்பாட்டுக்கு வைச்சிருக்கிறன், தம்பியிட்டக் குடுத்து விடுறன்.”

தோசம் பற்றி அதில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சரியா பிழையா தெரியவில்லை. இன்று காலை அப்பம்மாவிடமிருந்து பதில் வந்தது. “டி-யில ஒரு பேரும் வரேல்ல பிள்ளை. இண்டைக்கு ஒண்டு தொளாயிரம்.”

---

ஓய்வுபெற்ற மிட்வைஃப்

பிறக்கும்போது எவ்வளவு?

---

கோண்டாவில் பேத்தி

ஒன்று எழுநூறு, அம்மா.